வேகவைத்தாலும் ஹாம் ஏன் சாம்பலாகாமல் சிவந்தே இருக்கிறது? என் பேக்கனில் மட்டும் நடுவில் ஒரு சாம்பல் பட்டை

சாம்பல்பட்டை, ஜனவரி 11, இரவு 10.40

பன்றி இறைச்சியை உப்புப் போட்டு வேகவைத்தால் சாம்பல் பழுப்பாகிறது. அதே விலங்கின் தொடைதான் ஹாம், அதையும் வேகவைத்துத்தான் விற்கிறார்கள், அது மட்டும் இளஞ்சிவப்பு. சாயம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது வீட்டிலேயே பேக்கன் போட்டுப் பார்த்ததில் சாயம் ஒன்றும் இல்லாமலே சிவந்தது, ஆனால் பாதிதான் சிவந்தது.

நான் செய்தது: வயிற்றுப் பகுதி 2 கிலோ ஒரே துண்டு. உப்பு 45 கிராம், சர்க்கரை 20 கிராம், இறைச்சியைப் பதப்படுத்துவதற்கென்றே நைட்ரைட் கலந்து விற்கும் க்யூரிங் உப்பு 5 கிராம். எல்லாம் தேய்த்து ஸிப் பையில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, ஃப்ரிட்ஜில் 3 டிகிரியில் ஐந்து நாள். பிறகு கழுவித் துடைத்து, ஓவனில் மெதுவாக உள்வெப்பம் 66 டிகிரி வரும்வரை வைத்தேன். ஆறியதும் வெட்டினால் மெல்லிய முனை முழுக்க அழகான இளஞ்சிவப்பு. தடித்த முனையில் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு சாம்பல் பட்டை, சாதாரணமாக வேகவைத்த கறி மாதிரியே. கெட்டுப்போன வாசனை எதுவும் இல்லை.

இது என்ன, சாப்பிடலாமா?

வெறும்உப்பு, ஜனவரி 11, இரவு 11.15

நைட்ரைட் வெறும் நிறத்துக்குத்தான். பாதுகாப்பது உப்பு. இத்தாலியில் பார்மா ஹாமுக்குக் கடல் உப்பைத் தவிர எதுவும் போடக்கூடாது என்பதே விதி, அதுவும் சிவப்பாகத்தான் இருக்கிறது, ஒரு வருடத்துக்கு மேல் தொங்குகிறது, யாரும் சாகவில்லை. சாம்பல் பட்டையைச் சாப்பிடுங்கள், உண்மையில் அந்தப் பகுதிதான் நல்லது.

பழையகத்தி, ஜனவரி 12, காலை 6.05

இறைச்சிப் பதப்படுத்தும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பட்டைக்கு நைட்ரைட் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆலையில் இதைப் பார்த்தால் அந்தத் துண்டைத் தனியே எடுத்து வைப்போம், நிறத்துக்காக மட்டுமல்ல.

தம்பி, ஒரு கேள்வி. பட்டையிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். உப்பு இருக்கிறதா?

சாம்பல்பட்டை, ஜனவரி 12, காலை 7.30

பார்த்தேன். உப்பு இருக்கிறது, ஆனால் சிவந்த பகுதியை விடக் குறைவு. நான் எதிர்பார்த்தது உப்பே இல்லாமல் இருக்கும் என்று.

பழையகத்தி, ஜனவரி 12, காலை 7.50

அதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் நைட்ரைட் பின்தங்கும். உப்பு போகிற வழியில் யாரோடும் சேர்வதில்லை. நைட்ரைட் வழியெல்லாம் இறைச்சியோடு வினைபுரிந்து செலவாகிக்கொண்டே போகும். அதனால் உப்பு ருசி வந்த இடமெல்லாம் க்யூரிங் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

சாப்பிடுவது பற்றி: 66 டிகிரியில் வெந்ததால் அது இப்போது வெந்த பன்றிக்கறி. அப்படியே நடத்துங்கள். மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள், அல்லது வெட்டி உறைய வையுங்கள். வேக்குவம் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் மாதக்கணக்கில் வைக்க மட்டும் வேண்டாம்.

ஞாயிறுசமையல், ஜனவரி 12, மதியம் 1.20

எனக்கும் இதே பிரச்சினை! செய்முறையில் ‘பிங்க் சால்ட்’ என்று இருந்தது. வீட்டில் இருந்த இமயமலை உப்பு, நல்ல ரோஸ் நிறம், அதைத்தான் போட்டேன். பேக்கன் முழுக்க சாம்பல். உப்பு போலியா?

சாம்பல்பட்டை, ஜனவரி 12, மதியம் 1.45

ஐயோ. உங்கள் உப்பு அசல்தான், செய்முறையைப் படித்ததில்தான் சறுக்கல். இமயமலை உப்பின் ரோஸ் அதிலுள்ள இரும்பால் வருவது, அது சாதாரண சோடியம் குளோரைடுதான். செய்முறை சொல்வது 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்த உப்பு. அதை மேஜை உப்பு என்று யாரும் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே ரோஸ் சாயம் போடுகிறார்கள். இறைச்சியின் சிவப்புக்கும் அந்தச் சாயத்துக்கும் சம்பந்தம் இல்லை, 2 கிலோவுக்கு 5 கிராம்தான் போடுகிறோம், அந்தச் சாயம் கண்ணுக்கே தெரியாது.

சோதனைக்குழாய், ஜனவரி 12, மாலை 5.10

இந்தக் குழப்பம் தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. 2 கிலோவுக்கு வேண்டிய 50 கிராம் உப்பையும் ஒருவர் இந்த 6.25 சதவீத உப்பாகவே போட்டுவிட்டால் 3 கிராமுக்கு மேல் நைட்ரைட் உள்ளே போகிறது, தேவையைப் போல பத்து மடங்கு. ஜெர்மனியில் விற்கும் நைட்ரைட் உப்பில் அது அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், அங்கே மொத்த உப்பையும் அதுவாகவே போடுவது வழக்கம். அந்த ஊர் செய்முறையை இந்த ஊர் பொட்டலத்தோடு சேர்த்தால் விஷம்தான். பொட்டலத்தில் சதவீதம் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.

சாம்பல்பட்டை, ஜனவரி 12, இரவு 9.00

என் கணக்கை இங்கே போடுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

5 கிராமில் 6.25 சதவீதம் என்றால் 0.3125 கிராம், அதாவது 312 மில்லிகிராம் நைட்ரைட். 2 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 156 மில்லிகிராம். மீதி 4.7 கிராம் சாதாரண உப்பு, அதை என் 45 கிராமோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 50, இறைச்சி எடையில் இரண்டரை சதவீதம். எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் போட்டேன், ஆகவே அளவில் குறை இல்லை.

பழையகத்தி, ஜனவரி 13, காலை 5.55

கணக்கு சரி. அமெரிக்க விதியில் உலர் முறை பேக்கனுக்கு உச்சம் 200, ஊசி வழி கரைசல் ஏற்றும் பேக்கனுக்கு 120. நீங்கள் உலர் முறை, உள்ளேதான் இருக்கிறீர்கள். தடுமாறியது அளவில் அல்ல, நாளில்.

சாம்பல்பட்டை, ஜனவரி 13, காலை 8.20

சரி, அப்படியானால் மெல்லிய முனை 3 சென்டிமீட்டர், தடித்த முனை 5.5. மூன்றுக்கு ஐந்து நாள் போதுமென்றால் ஐந்தரைக்கு ஒன்பது நாள். அடுத்த தடவை ஒன்பது.

சோதனைக்குழாய், ஜனவரி 13, காலை 8.40

நேர்விகிதம் இல்லை. ஊடுருவல் தூரத்தின் வர்க்கத்தில் நேரம் எடுக்கும். தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. நீங்கள் போட்ட கணக்கில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

சாம்பல்பட்டை, ஜனவரி 13, இரவு 10.15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ‘நடுவில் சாம்பல் பட்டை’ என்று தலைப்பிலேயே போட்டுவிட்டேன். இன்று ஸ்கேல் வைத்து அளந்தேன். பட்டை நடுவில் இல்லை. கறி வெளியே தெரியும் பக்கத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை சிவப்பு, அதற்கு அப்பால் நான்கு வரை சாம்பல், அப்புறம் கொழுப்பு, கொழுப்புக்கு வெளியே தோல். வெள்ளைக் கொழுப்பைச் சேர்த்துப் பார்த்ததால் நடு மாதிரி தெரிந்திருக்கிறது.

தோலை நான் எடுக்கவே இல்லை.

பழையகத்தி, ஜனவரி 14, காலை 6.10

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், என் தப்பு. தோல் வழியே உப்பு ஏறக்குறைய உள்ளே போகாது. நீங்கள் இரண்டு பக்கமும் தேய்த்தீர்கள், ஆனால் ஒரு பக்கக் கதவு பூட்டியிருக்கிறது. எல்லாம் கறிப் பக்கத்திலிருந்துதான் நடந்து வந்திருக்கிறது. ஐந்து நாளில் இரண்டரை சென்டிமீட்டர் என்றால் நான்குக்கு எவ்வளவு என்று அந்த வர்க்கக் கணக்குக்காரரைக் கேளுங்கள்.

சோதனைக்குழாய், ஜனவரி 14, காலை 9.30

4 வகுத்தல் 2.5, 1.6. அதன் வர்க்கம் 2.56. ஐந்தால் பெருக்கினால் பதின்மூன்று நாள். தோலை எடுத்துவிட்டால் பாதித் தூரம், அதனால் ஐந்து நாளுக்கும் குறைவாக வரக்கூடும் என்று கணக்கு சொல்லும். கணக்கை நம்பி அப்படிக் குறைக்காதீர்கள், இடையில் கொழுப்பு அடுக்குகள் இருக்கின்றன, அவற்றில் வேகம் குறைவு.

ஞாயிறுசமையல், ஜனவரி 14, மதியம் 12.05

இதெல்லாம் சரி, ஆனால் நான் விறகுப் புகையில் மணிக்கணக்கில் சுடும் மாட்டுக்கறியில் ஓரத்தில் அரை அங்குலம் சிவப்பு வளையம் வருகிறது. நான் நைட்ரைட் போடவே இல்லை. அப்போது நைட்ரைட்தான் காரணம் என்பது எப்படி?

சோதனைக்குழாய், ஜனவரி 14, மதியம் 2.30

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நிறத்துக்குக் காரணம் நைட்ரைட் நேரடியாக அல்ல, அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயு. தசையில் மயோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது, அதன் நடுவே ஓர் இரும்பு அணு. சும்மா வேகவைத்தால் புரதம் குலைகிறது, இரும்பு ஆக்சிஜனேற்றம் ஆகிறது, நிறம் பழுப்புச் சாம்பல். வெப்பம் வருவதற்கு முன்பே நைட்ரிக் ஆக்சைடு அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டால், புரதம் குலைந்த பிறகும் பிடி விடாது, நிறம் இளஞ்சிவப்பில் நின்றுவிடும். விறகு எரிவதிலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வருகின்றன. உங்கள் ஈரமான கறிப்பரப்பில் கரைந்து அதே வேலையைச் செய்கின்றன, அரை அங்குலம் போவதற்குள் கறி வெந்துவிடுவதால் அங்கேயே நின்றுவிடுகின்றன. உங்கள் வளையமும் இவருடைய பேக்கனின் சிவப்பும் ஒரே நிறமிதான்.

இதை 1901லேயே ஜான் ஸ்காட் ஹால்டேன் எழுதிவிட்டார், உப்பிட்ட இறைச்சி வெந்தும் சிவப்பாக இருப்பது ஏன் என்று. சுரங்கத்துக்குள் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் குருவியைக் கொண்டுபோகச் சொன்ன அதே மனிதர். வாயு இரும்பைப் பிடிப்பதில் அவருக்கு அப்படியொரு ஈடுபாடு.

சாம்பல்பட்டை, ஜனவரி 14, இரவு 11.20

இப்போது ஒன்று புரிகிறது. பையில் போட்ட இரண்டாம் நாள் கறி பழுப்பாக, கேவலமான ஒரு நிறத்துக்கு மாறியது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். அதுவும் இதன் பாகமா?

சோதனைக்குழாய், ஜனவரி 15, காலை 7.15

ஆமாம். நைட்ரைட் முதலில் செய்வது எதிர் வேலை, இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து பழுப்பாக்குகிறது. பிறகு தசையிலேயே இருக்கும் வேதிப்பொருட்கள் மெதுவாக அதைத் திருப்புகின்றன, நைட்ரிக் ஆக்சைடு ஒட்டுகிறது, மங்கிய கருஞ்சிவப்பு வருகிறது. அடுப்பில் ஏறும்போதுதான் அந்த இளஞ்சிவப்பு. நைட்ரைட் அதிகம் விழுங்கியவருக்கு ரத்தத்தில் நடப்பதும் அந்த முதல் படிதான். ரத்தத்தின் இரும்பு பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்காமல் போகிறது. அதனால்தான் அன்றைக்குப் பொட்டலத்தைப் பற்றிக் கத்தினேன்.

வெறும்உப்பு, ஜனவரி 15, மாலை 6.45

எல்லாம் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பார்மா ஹாமில் நைட்ரைட் இல்லை. அதுவும் சிவப்பு. அப்புறம் எதற்கு?

பழையகத்தி, ஜனவரி 16, காலை 6.00

பார்மாவில் இல்லை, அது உண்மை. ஆனால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முழுத் தொடையை உப்பில் போட்டு உறைநிலைக்குச் சற்று மேலே குளிரில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். எலும்பு வரை உப்பு சேர்ந்து தண்ணீர் குறைந்த பிறகுதான் சூடான அறைக்குப் போகிறது. கடைசியில் குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடையில் குத்தி எடுத்து முகர்ந்து பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், எலும்போரம் கெட்டிருந்தால் அதில் தெரியும். அங்கே உப்பும் வறட்சியும் குளிரும் சேர்ந்து காவல். வேகவைத்த ஹாமில் அந்த மூன்றில் குளிர் மட்டும்தான் மிச்சம்.

உப்புக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பாட்டுலிசம் என்கிற, ஆளைக் கொல்லும் உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் முரட்டு வகையை உப்பால் மட்டும் நிறுத்த வேண்டுமென்றால் இறைச்சியில் இருக்கிற தண்ணீரில் சுமார் பத்து சதவீதம் உப்பு வேண்டும். கொழுப்பு குறைந்த தொடையில் நூறு கிராமுக்கு எழுபது கிராம் தண்ணீர். அதில் இரண்டரை கிராம் உப்பு போட்டால் மூன்றரை சதவீதம்கூட வராது. பத்துக்குக் கொண்டுபோனால் வாயில் வைக்க முடியாது. இடைவெளியை நிரப்பத்தான் நைட்ரைட். உப்பு கிருமியைத் தளர்த்துகிறது, நைட்ரைட் அதன் வித்து முளைத்துப் பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. ஃப்ரிட்ஜ் மூன்றாவது. மூன்றில் எதை எடுத்தாலும் மற்ற இரண்டின் மேல் பாரம் ஏறும்.

வெறும்உப்பு, ஜனவரி 16, காலை 9.10

கிருமி, கிருமி. அந்தக் காலத்தில் உப்பில் ஊறவைத்த ஹாமைத்தானே எல்லோரும் சாப்பிட்டார்கள்?

சோதனைக்குழாய், ஜனவரி 16, காலை 9.25

சாப்பிட்டார்கள். 1895இல் பெல்ஜியத்தில் எல்லஸெல் என்ற ஊரில் ஓர் இறுதிச் சடங்குக்கு வாசிக்கப் போன பேண்டு வாத்தியக்காரர்களும் சாப்பிட்டார்கள், உப்புநீரில் கிடந்த ஹாமை வேகவைக்காமல். மூன்று பேர் செத்தார்கள். அந்த ஹாமிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் பாட்டுலிசக் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

சாம்பல்பட்டை, ஜனவரி 16, இரவு 10.00

வெறும்உப்பு சொன்னதில் பாதி மிச்சம் இருக்கிறது. பார்மா ஏன் சிவப்பு? நைட்ரிக் ஆக்சைடு இல்லையே.

சோதனைக்குழாய், ஜனவரி 17, காலை 10.40

அது வேறு நிறமி. பல மாதங்களில் மயோகுளோபினின் வளையத்திலிருந்து இரும்பு வெளியேறி, இறைச்சியிலேயே இருக்கும் துத்தநாகம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அடையாளம் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் நைட்ரைட் போட்டால் இந்தத் துத்தநாகச் சிவப்பு உருவாவது தடைபடும். ஐந்து நாள் பேக்கனில் இதை எதிர்பார்க்க முடியாது.

வெறும்உப்பு, ஜனவரி 17, மதியம் 12.30

சரி, பாட்டுலிசத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். புற்றுநோய்க்கு என்ன சொல்கிறீர்கள்? 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது. நான் செலரிப் பொடி போட்டதைத்தான் வாங்குகிறேன், அதில் நைட்ரைட் இல்லை.

பழையகத்தி, ஜனவரி 18, காலை 6.20

செலரியில் நைட்ரேட் நிறைய. பாக்டீரியாவை விட்டு அதை நைட்ரைட்டாக மாற்றித்தான் அந்தப் பொடி வருகிறது. உங்கள் பேக்கன் சிவப்பாக இருக்கிறதல்லவா, அப்போது நைட்ரைட் இருந்தது. லேபிளில் எழுத்து வேறு, உள்ளே மூலக்கூறு ஒன்றுதான்.

சோதனைக்குழாய், ஜனவரி 18, காலை 8.00

வகைப்படுத்தல் உண்மை. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று அதே குழு சொன்னது. முதல் பிரிவு என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. நைட்ரைட்டோடு புரதத்தின் அமீன்கள் சேர்ந்தால் நைட்ரோசமீன்கள் உருவாகும், பேக்கனை மொறுமொறுவென்று கருக வறுக்கும்போது அதிகம். அமெரிக்காவில் கரைசல் ஏற்றிய பேக்கனில் வைட்டமின் சி வகை உப்பைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வது இதைக் குறைக்கத்தான்.

வெறும்உப்பு, ஜனவரி 18, காலை 8.30

அப்போது நான் சொன்னது முழுக்கத் தப்பில்லை.

பழையகத்தி, ஜனவரி 18, காலை 8.35

முழுக்கச் சரியும் இல்லை. நான் தினமும் சாப்பிடுவதில்லை, அதற்குக் காரணம் இருபத்திரண்டு வருடம் அதன் வாசனையில் நின்றது.

சாம்பல்பட்டை, பிப்ரவரி 2, இரவு 9.50

இரண்டாவது துண்டு முடிந்தது. 2.2 கிலோ, தோலை உரித்துவிட்டேன். க்யூரிங் உப்பு 5.5 கிராம், சாதாரண உப்பு 50, சர்க்கரை 22. பன்னிரண்டு நாள், தினமும் ஒரு தடவை பையைத் திருப்பிப் போட்டேன். முன்பு தினமும் திருப்பவில்லை, மொத்தமே இரண்டு தடவை, இதை மேலே எழுதாமல் விட்டதற்கு மன்னிப்பு. வெட்டிப் பார்த்தேன், முனைக்கு முனை சிவப்பு, பட்டை இல்லை. கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிகிறது, கறி கெட்டியாக இருக்கிறது, போன தடவை சாம்பல் பகுதி தொளதொளவென்று இருந்தது.

சோதனைக்குழாய், பிப்ரவரி 3, காலை 8.10

தோல், நாள், திருப்புதல், மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டீர்கள். எது வேலை செய்தது என்று இனி எப்படிச் சொல்வீர்கள்?

சாம்பல்பட்டை, பிப்ரவரி 3, இரவு 8.00

சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது பேக்கன், ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை.

சாம்பல்பட்டை, பிப்ரவரி 6, இரவு 10.30

மறுபடி வந்துவிட்டேன். அதே பேக்கன், வெட்டிய துண்டுகளைத் தட்டில் பரப்பி மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடி சமையலறை மேடையில் விளக்கடியில் வைத்திருந்தேன், விருந்தினர் வருவதாக இருந்தார்கள், வரவில்லை. மூன்று மணி நேரத்தில் மேல்பரப்பு சாம்பல். இப்போதும் க்யூரிங் போதவில்லையா?

பழையகத்தி, பிப்ரவரி 7, காலை 6.05

ஒரு துண்டைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் அது வெளிச்சமும் காற்றும் செய்த வேலை. ஒளி பட்டால் நைட்ரிக் ஆக்சைடு இரும்பை விட்டுக் கழன்றுவிடும், பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்த இடத்தில் பழுப்பு வந்துவிடும். கடைகளில் வெட்டிய ஹாம் காற்றில்லாத பையில் வருவதும் பல பைகளில் படம் அச்சிட்டு மறைத்திருப்பதும் இதற்குத்தான். பச்சையாகப் புள்ளி புள்ளியாக வந்தாலோ வழவழத்தாலோ அது வேறு கதை, தூக்கிப் போடுங்கள். வெட்டு முகத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது மட்டும் வானவில் மாதிரி பச்சை மினுமினுத்தால் பயப்பட வேண்டாம், தசைநார்கள் ஒளியைச் சிதறடிப்பது. மூன்று மணி நேரம் வெளியே கிடந்ததை மட்டும் திரும்ப எடுத்து வைக்காதீர்கள்.

சாம்பல்பட்டை, பிப்ரவரி 7, இரவு 9.15

வெட்டினேன், உள்ளே சிவப்பு. அந்தத் தட்டு குப்பைக்குப் போனது. ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்ததில் இரண்டு துண்டுகளை எடுத்து, ஒரே தாள், ஒரே தட்டு, ஒன்றின் மேல் மட்டும் அலுமினியத் தாளை வைத்து, ஃப்ரிட்ஜ் கதவு விளக்கு அணையாதபடி பொத்தானில் டேப் ஒட்டியிருக்கிறேன். சோதனைக்குழாய் கவனிக்க, இந்தத் தடவை ஒன்றை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன்.

சாம்பல்பட்டை, பிப்ரவரி 8, இரவு 9.40

மூடிய துண்டு அப்படியே இருக்கிறது. திறந்தது மேலே சாம்பல். டேப்பை எடுக்க மறந்து வீட்டில் திட்டு வாங்கியது தனி.